அடாபலீன் ஜெல்லோடு 14 மாதம்: பர்ஜிங் என்று நம்பி நான் இழந்த ஆறு வாரம்

போன வாரம் தோழி ஒருத்தி தன் தாடையை மட்டும் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். "அடாபலீன் போட ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சுடி. முன்னாடி இருந்ததவிட மோசமா இருக்கு. இது பர்ஜிங்கா, இல்ல எனக்கு ஒத்துக்கலையா? நிறுத்திடவா?" 14 மாதத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு கண்ணாடி முன்னால் நின்றவள் நான். அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

பருவுக்குப் போடும் 0.1% ஜெல், ராத்திரியில் பட்டாணி அளவு, பகலில் சன்ஸ்கிரீன், கர்ப்பமாக இருப்பவர்கள் தொடக்கூடாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தோல் காய்ந்து உரிவதும் தெரிந்ததுதான். எனக்கு அது மூன்றாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டாவது மாதத்தில் அடங்கிவிட்டது. நான் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை. பரு வருகிறது என்றால் அது எந்தப் பரு என்பதைப் பற்றி.

முதலில், பர்ஜிங் என்று எதைச் சொல்கிறோம்? ஒரு பரு வெளியே தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே, தோலின் துளைக்குள் செத்த செல்களும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து சின்ன அடைப்பாக உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தடவினாலும் தட்டுப்படாது. அது பருவாக வளர இரண்டு மாதம்கூட ஆகலாம். சில அடைப்புகள் பருவாகாமலேயே கரைந்தும் போகும். அடாபலீன் சேர்ந்த ரெட்டினாய்டு என்ற மருந்து வகை, தோல் செல்கள் புதிதாகும் வேகத்தைக் கூட்டுகிறது. அதனால் அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் ஒவ்வொன்றாக வந்திருக்க வேண்டியவை ஒரே நேரத்தில் மேலே வந்துவிடுகின்றன. ஜெல்லோடு வரும் தாளிலேயே, முதல் சில வாரங்களில் பரு கூடியதுபோலத் தெரியலாம், அதற்காக நிறுத்த வேண்டாம் என்று போட்டிருக்கிறார்கள். பர்ஜிங் என்பது பேச்சு வழக்கில் நிலைத்துவிட்ட பெயர்தானே தவிர, எல்லைகள் தெளிவாக வரையறுக்கப்பட்ட மருத்துவச் சொல் கிடையாது. அதனால்தான் யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் அதைச் சொல்லிவிட முடிகிறது.

இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால் இரண்டு விஷயம் தானாக வந்துவிடும். ஏற்கெனவே அடைப்பு இருக்கும் இடத்தில்தான் பர்ஜிங் வர முடியும். அதாவது, உங்களுக்கு வழக்கமாகப் பரு வரும் இடத்தில். அடுத்தது, இருப்பில் இருந்ததுதான் வெளியே வருகிறது என்பதால், அந்த இருப்பு ஒருநாள் தீர்ந்தே ஆக வேண்டும். தீராமல் வந்துகொண்டே இருந்தால் புதிதாக எதுவோ அடைக்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் நான் அப்போதே படித்திருந்தேன். படித்தும் ஏமாந்தேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

ஜெல் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு நோட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் முகத்தின் வடிவம் வரைந்து, அந்த வாரம் புதிதாக வந்த பருவுக்கு மட்டும் புள்ளி வைத்துவந்தேன். புதிதாக வந்ததை மட்டும் எண்ணுவது முக்கியம். ஆறிய பருவின் கறை மாதக்கணக்கில் இருக்கும். அதையும் சேர்த்துப் பார்த்தால் முகம் என்றைக்குமே சரியாகாததுபோலத்தான் தெரியும். எனக்கு எப்போதும் பரு வருவது தாடையிலும் தாடை ஓரத்திலும்தான். ஜெல்லுக்கு முன்னால் வாரத்துக்கு மூன்று வரும். இரண்டாவது வாரம் ஐந்து, மூன்றாவது வாரம் ஒன்பது, நான்காவது வாரம் எட்டு. அப்புறம் ஆறு, அப்புறம் நான்கு. எல்லாமே தாடையில். முன்பெல்லாம் ஒரு பரு பழுத்து அடங்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். இவை சின்னதாக வந்து, வெள்ளை முனை வைத்து, நான்கைந்து நாளில் வற்றிவிட்டன. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் மனசுக்குள் நிம்மதியாக இருந்தது. பர்ஜிங் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஏழாவது வாரத்தில் எண்ணிக்கை திரும்ப ஏழு ஆனது. எட்டாவது வாரம் பத்து. ஒன்பதாவது வாரமும் பத்து. பர்ஜிங் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது, 12 வாரம் வரை பொறுக்கச் சொல்கிறார்களே என்று நானும் பொறுத்தேன். பத்தாவது வாரத்தில் நோட்டைப் பின்னாலிருந்து புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. நான் மொத்தத்தை மட்டும்தான் கூட்டிக்கொண்டிருந்தேன். நீலப் பேனாவால் தாடைப் புள்ளிகளையும், சிவப்பால் மற்றதையும் சுழித்துப் பார்த்தேன். தாடையில் ஏழாவது வாரம் இரண்டு, எட்டாவது வாரம் இரண்டு, ஒன்பதாவது வாரம் ஒன்றே ஒன்று. ஜெல் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருந்திருக்கிறது. சிவப்பு முழுக்கக் கன்னத்தின் மேல்பக்கமும் காதுக்கு முன்னாலும். பத்து வருடத்தில் எனக்கு அங்கே ஒரு பரு வந்ததில்லை. அவை தாடையில் வந்தவை மாதிரியும் இல்லை. தோல் நிறத்திலேயே, முனை வைக்காமல், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் மட்டும் தெரிகிற மணி மணியான மேடுகள். வந்தவை போகவும் இல்லை.

பிறகு தேதியைத் தேடினேன். நான்காவது வார முடிவில், தோல் உரிகிறதே என்று கெட்டியான ஒரு பாம் வாங்கி ராத்திரியில் ஜெல்லுக்கு மேல் தடவ ஆரம்பித்திருந்தேன். எங்கே உரிந்ததோ அங்கே, அதாவது கன்னத்தில், தாராளமாக. பாம் தடவ ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில் அந்த மேடுகள் தலைகாட்டின. நடுவில் ஒரு தடவை, எனக்குச் சந்தேகம் வந்து, பாம் விற்றவர்களிடமே கேட்டேன். "பர்ஜிங்தான் மேடம், தொடர்ந்து போடுங்க" என்றார்கள். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. பாமில் செல்களைத் துரிதப்படுத்தும் பொருள் எதுவுமே கிடையாது. எண்ணெயும் மெழுகும்தான். அது எப்படிப் பர்ஜிங் செய்யும்? ரெட்டினாய்டு, கிளைகோலிக், லாக்டிக், சாலிசிலிக் மாதிரி தோலின் மேலடுக்கை உரிக்கும் அமிலங்கள், இவற்றுக்குத்தான் அந்தப் பேச்சே பொருந்தும். மாய்ஸ்சரைசர், முக எண்ணெய், ஹையலுரானிக் அமிலம், சன்ஸ்கிரீன் போட்டதும் பரு வந்தால் அது பிரேக்அவுட், அதாவது அந்தப் பொருள் ஒத்துக்கொள்ளாமல் வருகிற பரு. பொறுத்துப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. ஒத்துக்கொள்ளாத பொருளை விற்றுத் தீர்க்கப் பர்ஜிங் என்ற சொல்லைப் பயன்படுத்துவது வாங்குகிறவர் முகத்தில் விளையாடுவது.

சோதித்துப் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. ஜெல்லை அப்படியே விட்டுவிட்டு பாமை மட்டும் நிறுத்தினேன். இரண்டையும் சேர்த்து நிறுத்தியிருந்தால் குற்றவாளி யார் என்று கடைசிவரை தெரிந்திருக்காது. நிறுத்திய இரண்டாவது வாரத்தில் சிவப்புப் புள்ளி புதிதாக ஒன்றும் இல்லை. இருந்தவை கரைய இன்னும் ஒரு மாதம் பிடித்தது. பாம் வாங்கியதிலிருந்து நிறுத்தியது வரை ஆறு வாரம். ஜெல்லை ஆரம்பித்திருக்கும்போது வேறு எதையும் புதிதாகச் சேர்க்காமல் இருந்திருந்தால் அந்த ஆறு வாரம் எனக்கு மிச்சம்.

எத்தனை நாள் பொறுப்பது என்று கேட்டால், அமிலங்களுக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் போதும். ரெட்டினாய்டுக்கு, பரு கூடுவது ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் இறங்குமுகம் காட்ட வேண்டும். பலன் தருகிறதா இல்லையா என்ற தீர்ப்பை 12 வாரத்தில்தான் சொல்ல முடியும். ஆனால் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். வாரத்துக்கு இரண்டு ராத்திரி மட்டும் போடுகிறவர், தினமும் போடுகிறவரின் நாட்காட்டியை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. எரிச்சலுக்குப் பயந்து பத்து நாள் விட்டு மறுபடி ஆரம்பித்தாலும் அப்படித்தான், கொஞ்சம் பின்னால் போய்விடுவீர்கள்.

நாட்காட்டியைப் பார்க்கவே கூடாத நிலைகளும் உண்டு. அரிப்பு, கண்ணிமை வீக்கம், தடிப்பு என்றால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அன்றைக்கே நிறுத்த வேண்டும். நெற்றியிலோ தலைமுடி ஓரத்திலோ ஒரே அளவில் அரிக்கிற சின்னச் சின்ன மேடுகள் என்றால் பூஞ்சையாலும் இருக்கலாம். அதற்கு ஜெல்லை எத்தனை வாரம் போட்டாலும் பதில் கிடைக்காது. ஆழத்தில் உருண்டையாக, தொட்டாலே வலிக்கிற கட்டிகள் வந்தால் தழும்பு விழலாம். 12 வாரம் என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு உட்காராமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இப்போது என் தாடையில் மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். கையால் தடவினால் முழு முகமும் ஒரே மாதிரி வழவழப்பாக இருக்கிறது. இந்த ஒரு சுகத்துக்காகவே நான்காவது டியூப் வாங்கிவிட்டேன், ஐந்தாவதும் வாங்குவேன். நான் போட்ட பொருள்களிலேயே சொன்ன வேலையைச் செய்தது இது ஒன்றுதான்.

தோழியிடம் நிறுத்தச் சொல்லிவிட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் அவளுக்கு வழக்கமாக வரும் இடம்தான், சின்னது, முனை வைத்தது. பர்ஜிங் என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் இரண்டு வாரத்தில் புது வேலையில் சேர்கிறாள், கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அழுகிறாள், போதாததற்கு ஜெல் ஆரம்பித்த அதே வாரம் ஒரு சீரமும் புதிதாக ஆரம்பித்திருக்கிறாள். இந்த நிலையில் எட்டாவது வாரத்தில் அவளால் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டையும் மூடி வை, வேலையில் போய் உட்கார், அப்புறம் ஜெல்லை மட்டும் எடு, ஒரு நோட்டும் வாங்கிக்கொள் என்று சொன்னேன். "நீ மட்டும் போடுற, என்னை நிறுத்தச் சொல்றியா?" என்று கோபித்துக்கொண்டாள். ஆமாம், அப்படித்தான் சொல்கிறேன்.