டிரைவிங் டெஸ்ட் ஸ்லாட்: எல்.எல்.ஆர். முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பட்டா, சாதிச் சான்றிதழ், இதோடு பல வருடமாக சாரதி தளத்தில் டிரைவிங் டெஸ்டுக்கு ஸ்லாட் போட்டுத் தருவதும் என் அன்றாட வேலை. தளம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், முன்பு விடியற்காலையில் போய் வரிசையில் நின்ற காலத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் தேதி கிடைப்பதும் கிடைக்காததும் தளத்தின் கையில் இல்லை. அது பிரேக் இன்ஸ்பெக்டரின் காலை நேரத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் காலண்டரோடு சண்டை போடுகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன்.

காலண்டரைத் திறந்தால் சில தேதிகள் பச்சை, பல தேதிகள் சிவப்பு. பச்சையைத் தொட்டால் எந்த நேரத்துக்கு இடம் இருக்கிறது என்று காட்டும். அந்த இடங்களின் எண்ணிக்கையைத்தான் கோட்டா என்கிறோம். ஒரு நாளைக்கு, ஒரு வகை வண்டிக்கு, இத்தனை பேர் என்று அலுவலகம் முன்கூட்டியே வைப்பது அது.

அந்த எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலை 10 மணி முதல் 1 மணி வரை ஒரு ஆய்வாளர் டெஸ்ட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180 நிமிடம். பைக்கில் எட்டுப் போட வைத்து, பேப்பரைப் பார்த்து, முடிவைப் பதிய மூன்று நிமிடம். காருக்கு எச் போட வைத்து, ரோட்டில் கொஞ்சம் ஓட்டச் சொன்னால் எட்டு நிமிடமாவது ஆகும். 15 கார், 20 பைக் என்றால் 120 நிமிடமும் 60 நிமிடமும் சேர்ந்து மொத்த நேரமும் தீர்ந்துவிட்டது. இதற்கு மேல் பத்து பைக்கைச் சேர்த்தால் ஒன்று டெஸ்ட் கண்துடைப்பாக நடக்கும், இல்லையென்றால் மதியம் 2 மணிக்கு வெயிலில் நிற்பீர்கள். அதே ஆய்வாளர்தான் எஃப்.சி.க்கு வரும் லாரியையும் பார்க்க வேண்டும், விபத்தான வண்டியைப் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும், ரோட்டில் தணிக்கைக்கும் போக வேண்டும். ஒருவர் லீவு போட்டால் பாதி நாள் காணாமல் போய்விடும்.

இதில் சீசன் வேறு. ஏப்ரல், மே மாதம் காலேஜ் பிள்ளைகள் மொத்தமாக வந்து விழுவார்கள். நம் ஊரில் அதே நேரத்தில்தான் சித்திரைத் திருவிழா. அழகர் பச்சைப்பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குவார், காலண்டரில் மட்டும் அந்த வாரம் பச்சையே இருக்காது. மாறாக அஷ்டமி, நவமியில் இடம் கிடைப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் மற்றவர்களுக்கு இருப்பதால் என் வாடிக்கையாளர்களுக்குப் பலமுறை லாபம்.

சரி, இதையெல்லாம் விட முக்கியமானது எல்.எல்.ஆரின் ஆயுள். எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்டுக்குப் போக முடியும். அதன் ஆயுள் மொத்தம் 6 மாதம். டெஸ்ட் நாளன்று அது உயிரோடு இருக்க வேண்டும். இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது மோட்டார் வாகனச் சட்டத்தின் 9-ஆவது பிரிவில் இருக்கிறது. ஃபெயில் ஆனால் 7 நாள் கழித்துத்தான் மறுபடி வர முடியும். மூன்று முறை வந்தும் தேறவில்லை என்றால், கடைசி டெஸ்டிலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப்பட்டவர் டிரைவிங் ஸ்கூலில் மறுபயிற்சியும் எடுத்துவிட்டு வர வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள்.

மேலூர்ப் பக்கத்து டீச்சர் ஒருவருக்கு நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். அவருக்குக் கார் மட்டும்தான். ஜனவரி 6-ஆம் தேதி எல்.எல்.ஆர். வந்தது, ஜூலை 5 வரை செல்லும். பிப்ரவரியிலேயே டெஸ்டுக்குப் போயிருக்கலாம். "பரீட்சை முடியட்டும் தம்பி, லீவுல நிம்மதியாப் பாத்துக்கலாம்" என்றார். ஏப்ரல் 21-க்குப் போட்டோம். எச் போட்டுப் பின்னால் வரும்போது கம்பு விழுந்துவிட்டது, ஃபெயில்.

சட்டப்படி ஏப்ரல் 29-க்கே மறுபடி போகலாம். ஆனால் லீவு கூட்டமும் திருவிழாவும் சேர்ந்து, முதல் பச்சை மே 14-இல்தான் இருந்தது. அன்று காலை டிரைவிங் ஸ்கூல் காரோடு போய் நின்றார். ஆய்வாளரை வேறு வேலைக்கு அழைத்துவிட்டார்கள், டெஸ்டே நடக்கவில்லை. எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை, எல்லா இடத்திலும் எப்போதாவது நடப்பதுதான். எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்தில். காலை ஏழு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் அவ்வளவு பேருக்கும் கார் வாடகை மிச்சம்.

அங்கிருந்து போன் செய்தார். "டீச்சர், வீட்டுக்குக் கிளம்பிறாதீங்க, டெஸ்ட் நடக்கலைன்னு பதிவாயிருச்சான்னு கவுண்டர்ல கேட்டுட்டு வாங்க" என்றேன். காரணம் இருக்கிறது. பழைய ஸ்லாட்டுக்கு ஒரு முடிவு ஏறாதவரை புது ஸ்லாட் திறக்காது. அவர் வரவில்லை என்று தவறாக விழுந்தால் அதைச் சரிசெய்ய இன்னொரு நடை. நல்லவேளையாக அன்றே சரியாகப் பதிந்தார்கள். டெஸ்டே நடக்காததால் மறுடெஸ்ட் கட்டணம் இல்லை, மூன்று முறைக் கணக்கிலும் அது சேராது.

அடுத்து மே 28. மறுபடியும் ஃபெயில், இந்த முறை ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டுவிட்டது. மூன்றாவது முறைக்கு ஜூன் 11 கிடைத்தது. அன்று அவருக்கு இருந்த பதற்றம் வீணானதில்லை. அன்றும் தவறவிட்டிருந்தால் 60 நாள் தள்ளி ஆகஸ்ட் ஆகியிருக்கும், எல்.எல்.ஆரோ ஜூலை 5-இல் செத்திருக்கும். மறுபடி எல்.எல்.ஆர். போட்டு, மறுபடி 30 நாள். நல்லபடியாகத் தேறிவிட்டார்.

கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஜூலை 5-க்கு 60 நாள் முன்னால் என்றால் மே 6. மூன்றாவது தோல்வி அதற்கு முன்பே நடந்தால்தான் அதே எல்.எல்.ஆரில் நான்காவது வாய்ப்புக்கு இடம் இருக்கும். ஏப்ரல் கடைசியில் முதல் டெஸ்ட் வைத்தபோதே அந்த வாய்ப்பு போய்விட்டது. அதனால் வருகிறவர்களிடம் நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி, எந்தத் தேதி வேண்டும் என்பதில்லை. எல்.எல்.ஆர். என்றைக்கு முடிகிறது என்பதுதான். கை பழகியிருந்தால் 30 நாள் முடிந்த கையோடு முதல் ஸ்லாட்டைப் போடச் சொல்கிறேன்.

காசு விஷயத்துக்கு வருவோம். மத்திய விதிகளின்படி டெஸ்ட் கட்டணம் ஒரு வகை வண்டிக்கு 300 ரூபாய், லைசென்ஸ் வழங்க 200 ரூபாய். கார்டு, சேவைக் கட்டணம் என்று மேலே ஏறுவதைத் திரையில் பார்த்துக்கொள்ளலாம். பைக்கும் காரும் சேர்த்துப் போட்டால் டெஸ்டுக்கு மட்டும் 600. ஃபெயில் ஆனால் மறுபடி கட்டுவது அந்த வகைக்கான டெஸ்ட் கட்டணம் 300 மட்டும், லைசென்ஸ் கட்டணத்தை இரண்டாம் முறை வாங்குவதில்லை. டீச்சருக்கு இரண்டு தோல்விக்கு 600 கூடுதலாக ஆனது. டிரைவிங் ஸ்கூல் கார் வாடகையை இதோடு சேர்க்கவில்லை. உண்மையில் அதுதான் பெரிய செலவு.

தேதியை மாற்றுவது எளிதுதான். Appointments என்ற மெனுவுக்குள் போய்ப் பழைய ஸ்லாட்டை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். கட்டிய பணம் விண்ணப்ப எண்ணோடு ஒட்டியிருப்பதால் அது போகாது. நான் வைத்திருக்கும் ஒரே நிபந்தனை, அடுத்த பச்சைத் தேதி எது என்று பார்த்து எழுதிக்கொள்ளாமல் ரத்து பட்டனைத் தொடுவதில்லை. கையில் இருப்பதை விட்டுவிட்டுப் பார்த்தால் மூன்று வாரத்துக்குச் சிவப்பாக இருந்த அனுபவம் பலருக்கு உண்டு.

ரத்து செய்யாமல் சும்மா வராமல் இருப்பவர்கள்தான் எனக்குப் பெரிய எரிச்சல். முன்கூட்டியே ரத்து செய்தால் அந்த இடம் இன்னொருவருக்குப் பச்சையாகத் தெரியும். அன்று காலை வராமல் போனால் ஆய்வாளரின் எட்டு நிமிடம் யாருக்கும் இல்லாமல் வீணாகும். பிரிட்டனில் கார் டெஸ்டுக்கு வார நாளில் 62 பவுண்ட். 2025 ஏப்ரல் முதல், முழு 10 வேலை நாளுக்கு முன்பே சொல்லாமல் மாற்றினாலோ ரத்து செய்தாலோ அந்தப் பணம் போச்சு. கடுமைதான். ஆனால் காலி இடம் மற்றவருக்குப் போய்ச்சேர அங்கே அவகாசம் இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு வெட்டு இல்லை, அதனால் முந்தின நாள் இரவு சோம்பல்பட்டுப் படுத்துவிடுகிறார்கள்.

பணம் கட்டும்போது வருகிற தலைவலி ஒன்று உண்டு. வங்கியில் கழிந்துவிடும், தளத்தில் பாக்கி என்றே நிற்கும். பதறிப்போய் உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். Verify Pay Status என்ற பக்கத்தில் விண்ணப்ப எண்ணைக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே சரியாகிவிடும். இரண்டு முறை கட்டியவர்கள் திரும்பப் பெற அலைந்த அலைச்சலைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, போன் நம்பர். ஸ்லாட் போடவும் ரத்து செய்யவும் ஓ.டி.பி. வேண்டும், அது விண்ணப்பத்தில் இருக்கும் நம்பருக்குத்தான் வரும். டிரைவிங் ஸ்கூல் மூலம் விண்ணப்பித்த பலருக்கு அங்கே ஸ்கூல்காரர் நம்பர் கொடுக்கப்பட்டிருக்கும். "அண்ணே, தேதிய மாத்தணும்" என்று வந்து நிற்பார்கள். ஓ.டி.பி. எங்கோ போயிருக்கும், அவர் போனை எடுக்கமாட்டார். நான் புது விண்ணப்பம் போடும்போது என் கடை நம்பரைக் கொடுப்பதே இல்லை. போன் இல்லாத பெரியவர் என்றால் வீட்டில் மகன் நம்பரையோ மருமகள் நம்பரையோ வாங்கிப் போடுவேன்.