மொட்டுக் காளான், சிப்பிக் காளான்: காகிதக் கவரில் வைத்துப் பழகிய அனுபவம்

எங்கள் வீட்டில் சில வருடங்களாக வாரம் ஒரு முறையாவது காளான் உண்டு. பட்டன் என்று கடையில் கேட்டு வாங்கும் மொட்டுக் காளானும், கிடைக்கும்போது சிப்பிக் காளானும்தான். இரண்டையும் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்தான் என்பது என் அனுபவம். கடையில் தேர்ந்தெடுப்பது, வைப்பது, சுத்தம் செய்வது எல்லாவற்றையும் இப்போது இந்த ஒரு கணக்கை வைத்தே பார்க்கிறேன்.

மொட்டுக் காளான் பெரும்பாலும் 200 கிராம் பிளாஸ்டிக் டப்பாவில், மேலே மெல்லிய தாள் ஒட்டி வரும். நான் முதலில் பார்ப்பது அந்தத் தாளின் உள்பக்கத்தைத்தான். லேசான ஆவி பரவாயில்லை. துளித்துளியாய் நீர் கோத்திருந்தாலோ, டப்பாவின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தாலோ எடுப்பதில்லை. அப்புறம் டப்பாவைக் கவிழ்த்துக் குடையின் அடியைப் பார்ப்பேன். குடை காம்போடு மூடியிருந்தால் இளசு. விரிந்து, உள்ளே பழுப்பு மடிப்புகள் தெரிந்தால் முற்றியது. அது கெட்டதில்லை, வாசனைகூடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அன்றைக்கே சமைப்பதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம், நாலு நாள் வைக்க மட்டும் ஆகாது. பளிச்சென்ற வெள்ளை நிறத்தைப் பார்த்து நான் மயங்குவதில்லை. வெளுப்பாகத் தெரிய சல்பைட் கரைசலில் அலசி அனுப்புவதும் உண்டு. லேசான பழுப்புத் திட்டு, கைபட்டு நசுங்கிய இடம் காற்றில் கறுப்பதால் வருவது. தொட்டால் வழவழப்பதும் புளித்த வாடை அடிப்பதும்தான் கெட்டதற்கு அடையாளம்.

சிப்பிக் காளானில் ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஓரம் மஞ்சளாகிச் சுருண்டு வெடித்திருந்தால் பறித்து நாளாகிவிட்டது. காம்பின் அடியில் பஞ்சு போல வெள்ளையாகப் படர்ந்திருந்தால் பலர் பூஞ்சணம் என்று தூக்கிப் போடுகிறார்கள். பல சமயம் அது காளானின் சொந்த இழைதான். முகர்ந்து பாருங்கள், வாடை இல்லையென்றால் அந்த இடத்தை நறுக்கிவிட்டுச் சமைக்கலாம். பச்சையோ கறுப்போ படர்ந்திருந்தால் வேண்டாம்.

பறித்த பின்னும் காளான் மூச்சு விட்டு ஈரத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மூடிய பிளாஸ்டிக்குக்குள் அந்த ஈரம் நீராகி அதன் மேலேயே சொட்டும், பிறகு வழவழப்பு வரும். அதனால் சனிக்கிழமை வாங்கி வரும் டப்பாவை உடனே பிரித்துவிடுவேன். குளிர்ந்த டப்பா வெயிலில் வந்ததில் மேலே வியர்த்திருக்கும், அதைத் துணியால் ஒற்றி எடுப்பேன். பிறகு மருந்துக்கடையில் தருவார்களே, அந்த மாதிரிப் பழுப்புக் காகிதக் கவரில், ஒன்றின் மேல் ஒன்று அழுந்தாமல் போட்டு, வாயை ஒரு மடிப்பு மட்டும் மடித்து, ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைப்பேன். காய்கறி டிராயரில் ஈரம் அதிகம், ஃப்ரீசருக்கு அடியில் தண்ணீர் சொட்டும், இரண்டும் ஆகாது. கவர் நனைந்தால் மாற்ற வேண்டும். செய்தித்தாளில் சுற்றுவதில்லை, அச்சு மை உணவில் ஒட்டும்.

இப்படி வைத்தால் மூடிய குடையுள்ள மொட்டு ஐந்தாறு நாள் தாங்குகிறது. ஓரம் கொஞ்சம் காய்ந்து சுருங்கும், வாணலியில் அது தெரியவே தெரியாது. சிப்பி மெலிதானது, இரண்டு மூன்று நாளுக்கு மேல் நான் நம்புவதில்லை. காற்றோட்டம் அதிகமுள்ள ஃபிரிட்ஜில் அது காய்ந்தும் போகும், அங்கே கவரை இரண்டு மடிப்பாக மடித்தால் சரியாகிவிடும்.

சுத்தம் செய்வது சமைப்பதற்குச் சற்று முன்புதான். மொட்டில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் வளர்க்கும்போது மேலே போடும் மண் கலவை. ஈரத்துணியைப் பிழிந்து துடைத்தாலே வந்துவிடும். அதிகமாக இருந்தால் குழாயடியில் சில நொடி காட்டி உடனே ஒற்றி எடுப்பேன், அதில் தவறொன்றும் இல்லை. மஞ்சள் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப் போடுவதுதான் பிரச்சனை. விரிந்த மடிப்புகளும் சிப்பியின் சதையும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். வாணலியில் அது வெந்து நீர்த்துப் போகுமே தவிர வதங்காது. உப்புப் போட்டு ஊறவைத்தாலும் கதை அதேதான். சிப்பியைக் குடையின் மடிப்புப் பக்கம் கீழே பார்க்கும்படி பிடித்து ஒரு தாளின் மேல் தட்டினால், மடிப்புக்குள் இருக்கும் சின்னப் பூச்சியும் வைக்கோல் துணுக்கும் விழும். அடிக்காம்பு ரப்பர் மாதிரி இருக்கும், அதை நறுக்கிவிட்டு மீதியைக் கையால் நீளவாக்கில் கிழித்தால் போதும்.

மூன்றாம் நாளும் சிப்பி மிஞ்சினால், எண்ணெய் இல்லாமல் வாணலியில் போட்டு நீர் வற்றும்வரை வதக்கி, ஆறவைத்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த நாளே முட்டைப் பொரியலிலோ குருமாவிலோ சேர்த்துவிடுவேன்.