இடமதிப்புத் தாளோடு மூன்று ஆண்டுகள்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் ஆறேழு பிள்ளைகள் படிக்க வருவார்கள். அவர்களுக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன்பு புதுச்சேரி ஞாயிறு சந்தையில் ஒரு இடமதிப்புத் தாள் வாங்கினேன். பிளாஸ்டிக் உறை போட்ட தாள். மேலே ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்று நான்கு கட்டங்கள். கீழே விரித்தெழுத ஒரு வரி. அதில் முதல் கட்டத்துக்குப் பின்னால் மூன்று பூச்சியங்கள், இரண்டாவதற்குப் பின்னால் இரண்டு, மூன்றாவதற்குப் பின்னால் ஒன்று என முன்கூட்டியே அச்சிட்டு, இடையிடையே கூட்டல் குறியும் போட்டிருப்பார்கள். பிள்ளை இலக்கத்தை மட்டும் நிரப்பினால் போதும்.

முதல் ஒரு மாதம் இதைவிட நல்ல பொருள் இல்லை என்றே நினைத்தேன். 5,362 என்றால் 5000 + 300 + 60 + 2 என்று எல்லாரும் தட்டாமல் எழுதினார்கள். பிறகு ஒருநாள் தாளை எடுத்து வைத்துவிட்டு 4,057-ஐ நோட்டில் விரித்தெழுதச் சொன்னேன். ஏழு பேரில் நான்கு பேர் 4000 + 500 + 7 என்று எழுதியிருந்தார்கள். முதல் நாள்தான் அதே எண்ணைத் தாளில் சரியாகச் செய்திருந்தார்கள்.

பழைய தாள் வேலைகளை நினைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. தாளில் எழுதும்போது அவர்கள் நூறின் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். பூச்சியம் போடவே இல்லை. நானும் அதைச் சரி என்று விட்டிருந்தேன், ஏனென்றால் விடை சரியாகத்தான் வந்தது. இடத்தைப் பிடித்து வைத்திருந்தது கட்டத்தின் கோடு. நோட்டில் கோடு கிடையாது. அங்கே அந்த இடத்தைக் காக்க வேண்டியது பூச்சியம் மட்டும்தான், அதைப் பிள்ளைகள் ‘ஒன்றுமில்லை’ என்று தாண்டிவிடுகிறார்கள். தாண்டியதும் அடுத்து நிற்கும் 5, ஆயிரத்துக்கு அடுத்த இடமான நூறுக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நம் பழைய தமிழ் எண்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ௲ என்றால் ஆயிரம், ௰ என்றால் பத்து. 4,057-ஐ ௪௲௫௰௭ என்று எழுதிவிடலாம். இடத்தின் பெயரையே கூடவே எழுதுவதால் நூறு இல்லையென்றால் அதைக் குறிக்காமல் விட்டால் போதும். தலைப்பு எழுதிய கட்டங்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. பூச்சியத்தின் தேவையைத் தாளே மறைத்துவிடுகிறது.

அதனால் எங்கள் திண்ணையில் ஒரு கட்டாயம் வந்தது: எந்தக் கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது. விரித்தெழுதும் வரியிலும் முதலில் 4000 + 0 + 50 + 7 என்று முழுதாக எழுத வேண்டும். 4000 + 50 + 7 என்பதும் சரியான விடைதான். ஆனால் பூச்சியத்தை எங்கே விட்டோம் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை. எழுதி முடித்ததும் வலது ஓரம் ஒட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்வேன். 4000 + 500 + 7 என்று எழுதியவனுக்கு 4,507 வரும். கேட்ட எண் அதுவல்ல என்று அவனே கண்டுபிடித்துவிடுவான்.

இதற்குப் பிறகும் ஒரு பையன் விடாமல் தப்பு செய்துகொண்டிருந்தான். முதுநகரிலிருந்து வருபவன், அவன் அம்மா மீன் வியாபாரம். எண்ணை எழுதிக் காட்டினால் தவறவே மாட்டான். வாயால் சொன்னால் தவறுவான், அதுவும் ஒன்பது வரும்போது மட்டும். ‘மூவாயிரத்துத் தொண்ணூற்று நான்கு’ என்றேன். 3000 + 900 + 4 என்று எழுதினான்.

“ஒன்பதை ஏன் தம்பி நூறில் போட்டாய்?”

“நீங்கள்தானே டீச்சர் நூறு என்று சொன்னீர்கள்? தொண்-ணூறு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அவன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இருபதிலிருந்து எண்பது வரைக்கும் பத்துகளின் பெயரெல்லாம் ‘பது’ என்று முடிகின்றன. தொண்ணூறு மட்டும் ‘நூறு’ என்று முடிகிறது. எண்ணூறு வரைக்கும் நூறுகளெல்லாம் ‘நூறு’ என்று முடிய, தொள்ளாயிரம் மட்டும் ‘ஆயிரம்’ என்று முடிகிறது. ஒன்பதிலும் ‘பது’ ஒளிந்திருக்கிறது. ஒன்பது வரும் இடத்திலெல்லாம் தமிழ்ப் பெயர் ஒரு படி மேலே ஏறிப் பேசுகிறது. 3,994 போன்ற எண்ணில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருப்பதால் சமாளித்துவிடுகிறார்கள். நடுவில் பூச்சியம் இருக்கும்போதுதான் வழுக்குகிறது, ஏனென்றால் தப்பான இலக்கம் போய் உட்கார அங்கே காலி இடம் தயாராக இருக்கிறது.

அவனிடம் தாளைக் காட்டிப் பேசிப் பயனில்லை. “அம்மா யாருக்காவது தொண்ணூறு ரூபாய் கொடுக்க வேண்டும் என்றால் நூறு ரூபாய் நோட்டு எத்தனை கொடுப்பார்?” என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை, பத்து ரூபாய் நோட்டு ஒன்பது என்றான். “அப்படியானால் நூறின் கட்டத்தில் என்ன வரும்?” சற்று யோசித்துவிட்டுப் பூச்சியம் போட்டான். பிறகு 3,904-ஐயும் 3,094-ஐயும் அருகருகே எழுதவைத்தேன். இரண்டுக்கும் 810 ரூபாய் வித்தியாசம் என்று நான் கேட்காமலே கழித்துச் சொன்னான். வியாபார வீட்டுப் பிள்ளை.

இரண்டாம் ஆண்டில் ஒரு மாற்றம் செய்தேன். அச்சிட்ட பூச்சியங்கள் தெரியாதபடி கீழ்வரியின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டேன். முழு வரியையும் பிள்ளைகளே எழுத வேண்டும். ஒரு வாரம் தப்புகள் கூடின, பிறகு நோட்டிலும் குறைந்தன. மறுதிசைக் கணக்குக்குத் தாளின் மேல்பகுதி இன்றைக்கும் நன்றாக உதவுகிறது. 3 + 6000 + 80 என்று வரிசையை மாற்றிக் கொடுத்தால் நோட்டில் 368 என்றும் 6,380 என்றும் பலவிதமாக வரும். கட்டத்தில் போட்டால் 6, 0, 8, 3 தானாக அமைந்துவிடும். இந்தப் பயிற்சிக்கு மட்டும் இதற்கு ஈடு நான் வேறு பார்க்கவில்லை.

பொருளின் குறைகளையும் சொல்ல வேண்டும். கடற்காற்றுக்கு உறையின் ஓரம் ஓர் ஆண்டிலேயே பிரிந்து, உள்ளே ஈரம் இறங்கிவிட்டது. மார்க்கர் மையை அன்றன்றே துடைக்காவிட்டால் கறை நின்றுவிடும். ஒருமுறை நூறின் கட்டத்தில் பழைய 1 நிழலாகத் தங்கியிருக்க, ஒரு சிறுமி 7,025-ஐ 7000 + 100 + 20 + 5 என்று எழுதினாள். அவளைக் கடிந்துகொண்ட பிறகுதான் கறை என் கண்ணில் பட்டது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகிறது, ஆனால் எண்ணெய்ப் பசை போக மறுபடி சோப்புத் தண்ணீர் வேண்டும்.

போன மாதம் புதுத் தாள் வாங்கப் போனேன். எல்லாக் கடையிலும் பூச்சியம் அச்சிட்டதுதான் கிடைக்கிறது. ஒன்றை வாங்கிவந்து, கீழ்ப்பாதியைக் கத்தரித்துவிட்டு மேல்பாதியை மட்டும் திண்ணைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.