364 நாள் பில்லா, 10 ஆண்டுப் பத்திரமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார்: பணத்தை அரசின் குறுகிய காலக் கடனான 364 நாள் கருவூல பில்லில் போடலாமா, 10 ஆண்டு அரசுப் பத்திரத்திலா? காலம் நீள நீள வருவாய் எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடுதான் வருவாய் வளைகோடு; ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கை அறிக்கையில் உள்ள அந்தக் கோட்டில் இரண்டின் வருவாயும் தெரியும்.

100 ரூபாய்க்கு ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி தரும் 10 ஆண்டுப் பத்திரம் என்று வைத்துக்கொள்வோம். சந்தை வருவாய் 8% ஆனால் அதன் விலை சுமார் 93 ரூபாய்க்கு இறங்கும். புதுப் பத்திரமே 8 தரும்போது பழையதை யார் முழு விலைக்கு வாங்குவார்கள்? அதே ஏற்றத்தில் பில்லின் விலை ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஆனால் அது முதிர்ந்ததும் அன்றைய வட்டிக்குத்தான் மறுபடி போட வேண்டும்.

கோடு நன்றாக மேலேறினால் நீண்ட காலத்துக்குக் கூடுதல் வருவாய் உண்டு. தட்டையாகக் கிடந்தால் அந்த விலை ஆபத்துக்கு ஈடு கிடைக்காது. இடையில் பணம் தேவைப்படும் அவருக்கு, கோடு தட்டையாக இருக்கும்வரை பில்தான் சரி என்றேன். முதிர்வுவரை தொடாமல் வைப்பவரை விலை இறக்கம் பாதிக்காது.