லெஜண்ட் தலைகீழாக நின்ற கதை: நெல் கணக்கு வரைபடங்களோடு சில வருடங்கள்

களுவாஞ்சிக்குடியில் இருந்துகொண்டு நான்கைந்து ஊர்களின் நெல் கொள்முதல் கணக்கைப் பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு அறுவடையிலும் எந்த நிலையத்துக்கு எந்த இனம் எத்தனை மூடை வந்தது என்று ஓர் அடுக்குப் பார் சார்ட் போட்டு அனுப்புவேன். 2022 வரை எக்செல். அதன் பிறகு பைதனில் பாண்டாஸும் மேட்பிளாட்லிபும். மாறியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எக்செலில் இருந்தபோது நான் கவனிக்காமலே விட்ட ஒரு விஷயம், இங்கே வந்து என் கழுத்தைப் பிடித்தது. எந்த நிறம் எந்த இனம் என்று சொல்லும் லெஜண்டின் வரிசையும் பாரில் உள்ள அடுக்கின் வரிசையும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதுதான் அது.

மண்டூர் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். எண்களை உதாரணத்துக்காகக் கொஞ்சம் முழுதாக்கியிருக்கிறேன்: சிவப்பு நாடு 420 மூடை, வெள்ளை நாடு 310, சம்பா 180, கீரிச் சம்பா 60. அடுக்குப் பாரில் முதல் நிரல் அடியில் உட்காரும். அதன் தலையில் இரண்டாவது, அதற்கும் மேல் மூன்றாவது. ஆக, சிவப்பு நாடு அடியில், கீரிச் சம்பா உச்சியில். லெஜண்ட் அப்படியில்லை. அது ஒரு பட்டியல். பட்டியல் மேலிருந்து கீழே எழுதப்படும். முதலில் வரைந்த சிவப்பு நாடு லெஜண்டின் உச்சிக்குப் போய்விடும், கீரிச் சம்பா அடிக்கு வந்துவிடும். அடுக்கு தரையிலிருந்து வளர்கிறது, பட்டியல் கூரையிலிருந்து இறங்குகிறது. பிழை என்று சொல்ல எதுவும் இல்லை, நிறங்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கண் தடுமாறும்.

எக்செலில் இது ஏன் எனக்குத் தெரியவில்லை என்றால், அடுக்கு நிரல் வரைபடத்தில் லெஜண்டை வலப்பக்கம் வைத்தால் எக்செல் தானாகவே பட்டியலைக் கவிழ்த்து எழுதிவிடும். உச்சியில் உள்ளது உச்சியில். கீழே வைத்தால் இடமிருந்து வலமாக, தொடர்களின் இயல்பான வரிசையில் எழுதும். நான் எப்போதும் வலப்பக்கம்தான் வைப்பேன், அதனால் பிரச்சினையே வரவில்லை. மேட்பிளாட்லிப் அந்த உபகாரத்தைச் செய்யாது.

திரையில் பார்த்தபோது நானும் கண்டுகொள்ளவில்லை. அறிக்கையைக் கறுப்பு வெள்ளையில் போட்டோகொப்பி எடுத்து குருமண்வெளியில் பாதைப் படகில் ஏறிய ஒருவரிடம் மண்டூருக்குக் கொடுத்துவிட்டேன். வழக்கமான நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் கொப்பியில் ஏறத்தாழ ஒரே சாம்பலாகிவிட்டன. நிறம் உதவாத இடத்தில் மனிதர் என்ன செய்வார்? வரிசையை எண்ணுவார். லெஜண்டில் கடைசியில் இருப்பது பாரில் அடியில் இருக்கும் என்று எடுத்துக்கொள்வார். களஞ்சியத்தைப் பார்க்கும் ஐயா அப்படித்தான் எடுத்திருக்கிறார். அன்று பின்னேரமே கோல் வந்தது.

“என்ன மனே இது, கீரிச் சம்பா இவ்வளவு வந்திரிக்கா? நான் அவ்வளவு மூடை காணல்லியே.”

அறுபது மூடையை அவர் நானூற்றிருபது என்று படித்திருந்தார். தன் கையால் அடுக்கிய மூடை என்பதால் அவருக்குச் சந்தேகம் வந்தது. அதே தாள் களஞ்சியத்தையே பார்க்காத ஒருவர் கைக்குப் போயிருந்தால் கீரிச் சம்பாவுக்கு இடம் ஒதுக்கியிருப்பார்கள்.

திருத்தப் போனபோது நான் செய்த முதல் வேலை தப்பு. நிரல்களின் வரிசையைத் தரவிலேயே கவிழ்த்துப் பார்த்தேன். கீரிச் சம்பா அடிக்கு வந்தது, லெஜண்டில் உச்சிக்கும் போனது. இரண்டும் சேர்ந்தே திரும்பிவிட்டன, முரண் அப்படியே நின்றது. யோசித்தால் வெளிச்சமாகத்தான் இருக்கிறது: இரண்டும் ஒரே தரவிலிருந்து வரிசையை எடுக்கின்றன. எக்செலிலும் தொடர்களை மேலே கீழே நகர்த்தினால் இதேதான் நடக்கும். போதாததற்கு எனக்கு அடுக்கின் வரிசையும் கெட்டுப்போனது. அதிகமாக வரும் சிவப்பு நாடு அடியில் இருக்கவேண்டும் என்பது என் விருப்பம். அடியில் உள்ள ஒரு துண்டு மட்டும்தான் எல்லா நிலையங்களிலும் ஒரே கோட்டிலிருந்து தொடங்கும், அதைத்தான் ஊருக்கு ஊர் கண்ணால் ஒப்பிட முடியும். ஆகவே அடுக்கைத் தொடக்கூடாது, லெஜண்டை மட்டும் கவிழ்க்கவேண்டும்.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். பெயர்களை மட்டும் தலைகீழாக்கி `ax.legend(labels[::-1])` என்று கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது, வரிசையும் பொருந்தியது. ஆனால் நிறப் பெட்டிகள் பழைய வரிசையிலேயே இருந்தன, பெயர்கள்தான் இடம் மாறின. சிவப்பு நாட்டின் நிறத்துக்குப் பக்கத்தில் கீரிச் சம்பா என்று எழுதியிருந்தது. முன்பு இருந்தது வாசிக்கச் சிரமமான வரைபடம், இப்போது இருந்தது பொய் சொல்லும் வரைபடம். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதால் இதைத்தான் அதிகம் பயப்படவேண்டும். பெட்டியும் பெயரும் எப்போதும் சோடியாகத் திரும்பவேண்டும்:

```python
ax = df.plot.bar(stacked=True)
h, l = ax.get_legend_handles_labels()
ax.legend(h[::-1], l[::-1], loc="upper left",
          bbox_to_anchor=(1.02, 1))
```

அப்போது என்னிடம் இருந்த பதிப்பில் இதுதான் வழி. 2023-இல் வந்த மேட்பிளாட்லிப் 3.7 முதல் `ax.legend(reverse=True)` என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. பாண்டாஸிலும் `legend="reverse"` என்று வரையும்போதே கேட்கலாம். அதில் ஒரு சின்னப் பொறி உண்டு. அப்படிக் கேட்டுவிட்டு, பிறகு இடத்தை மாற்றுவதற்காக `ax.legend(loc=...)` என்று இன்னொரு தடவை அழைத்தால் லெஜண்ட் புதிதாக எழுதப்பட்டுப் பழைய வரிசைக்கே திரும்பிவிடும். நான் ஒரு மத்தியானம் முழுக்க இதில் தொலைந்தேன். இப்போது லெஜண்டை ஒரே ஒரு இடத்தில், கடைசியில் மட்டும் எழுதுகிறேன்.

சரி பார்ப்பதற்கு ஒரு பழக்கமும் வந்துவிட்டது. உண்மைத் தரவைப் போடுமுன் நான்கு நிரல்களுக்கும் 1, 2, 3, 4 என்று கொடுத்து ஒரு பார் வரைவேன். அடியிலிருந்து உச்சிக்குத் துண்டுகள் தடித்துக்கொண்டே போகும். மெல்லிய துண்டின் நிறம் எந்தப் பெயருக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். அது முதல் நிரலின் பெயர் இல்லையென்றால் சோடி கலைந்திருக்கிறது. அந்தப் பெயர் லெஜண்டின் அடியில் இல்லையென்றால் வரிசை கவிழவில்லை. அரை நிமிட வேலை.

(இந்தச் சாக்கில் ஒரு புலம்பல்: நான் பாவிக்கும் பதிப்பில் பெயர்களைத் தமிழில் எழுதினால் வெள்ளை என்பதன் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. அதனால் இனப் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் கொடுக்கிறேன். ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும்தான்.)

அடுத்த பெரும்போகத்தில் இலக்குக் கோடு ஒன்றும் வேண்டும் என்றார்கள். நிலையத்துக்கு இத்தனை மூடை என்று பார்களுக்கு மேலே ஒரு கோடு. லெஜண்டிலும் அது உச்சியில் நிற்கும் என்று நினைத்தேன். `reverse=True` போட்டதும் அது அடியில் போய் உட்கார்ந்தது. கோட்டைக் கடைசியாகத்தான் வரைந்தேன், ஆனால் மேட்பிளாட்லிப் லெஜண்டுக்காகப் பொருட்களைச் சேகரிக்கும்போது கோடுகளை முதலில் எடுத்து, பார்களைப் பின்னால் சேர்க்கிறது. எந்த வரிசையில் வரைந்தாலும் கோடுதான் முதல். கவிழ்த்தால் அதுதான் கடைசி. இந்த மாதிரிக் கலவைக்குக் கவிழ்ப்பு வேலைக்காகாது, வரிசையைக் கையால் சொல்லிவிடுவதே நல்லது:

```python
h, l = ax.get_legend_handles_labels()
d = dict(zip(l, h))
names = ["Target"] + list(df.columns[::-1])
ax.legend([d[n] for n in names], names)
```

பெயரைச் சாவியாக வைத்துப் பெட்டியை எடுப்பதால் சோடி கலைய வழியே இல்லை. கொஞ்ச நாளில் எல்லா வரைபடத்துக்கும் இதையே வைத்துக்கொண்டேன். `reverse=True` குறுக்குவழி, இது கொஞ்சம் நீளம், ஆனால் இதை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

கவிழ்க்கவே கூடாத இடமும் ஒன்று உண்டு. நிலையங்கள் கூடக்கூட, சம்மாந்துறை, வெல்லாவெளி, களுவாஞ்சிக்குடி என்று நீளமான ஊர்ப்பெயர்கள் அடியில் ஒன்றையொன்று மிதித்தன. அதனால் பார்களைக் கிடையாகப் போட்டேன். கிடைப் பாரில் துண்டுகள் இடமிருந்து வலமாக ஓடும். லெஜண்டைப் பாருக்கு மேலே ஒரே வரியில், `ncols=4` என்று வைத்தால் அதுவும் இடமிருந்து வலமாகவே ஓடும். இரண்டும் இயல்பிலேயே பொருந்துகின்றன. நான் பழக்கதோஷத்தில் `reverse=True` என்பதையும் ஒட்டி வைத்து, பொருந்தியிருந்ததைப் பிரித்துவிட்டேன். இடம் போதவில்லை என்று `ncols=2` ஆக்கியதும் தப்பு. மேட்பிளாட்லிப் முதல் நிரலை மேலிருந்து கீழே நிரப்பிவிட்டுத்தான் அடுத்த நிரலுக்குப் போகும். இடமிருந்து வலமாக வாசிக்கிறவருக்கு சிவப்பு நாடு, சம்பா, வெள்ளை நாடு, கீரிச் சம்பா என்று கலைந்து தெரியும். ஒரே வரி, இல்லாவிட்டால் ஒரே நிரல். இரண்டுக்கும் நடுவில் ஒன்றை நான் இனித் தொடமாட்டேன்.

எந்த வரிசையும் பொருந்தாத ஒரு வரைபடமும் என்னிடம் இருக்கிறது. ஈரப்பதம் கூடித் திருப்பி அனுப்பிய மூடைகளைக் கழித்தல் எண்ணாகப் பூச்சியக் கோட்டுக்குக் கீழே காட்டும் படம் அது. பாண்டாஸ் மேலே உள்ளதை மேல்நோக்கியும் கீழே உள்ளதைக் கீழ்நோக்கியும் தனித்தனியாக அடுக்கும். கோட்டுக்கு மேலே சிவப்பு நாடு அடித்துண்டு, கோட்டுக்குக் கீழே அதுவே உச்சித்துண்டு. லெஜண்ட் எந்தப் பக்கத்துக்குப் பொருந்தும்? நான் மேல்பக்கத்துக்குப் பொருத்திவிட்டு, கீழ்ப்பக்கத் துண்டுகளில் பெயரை நேரடியாகவே எழுதிவிடுகிறேன். திருப்பி அனுப்பியது பெரும்பாலும் ஓரிரு இனம்தான், அதனால் இடம் போதும். எல்லாத் துண்டிலும் அப்படி எழுதிவிட்டு லெஜண்டையே தூக்கிவிடலாமே என்று கேட்கலாம். அறுபது மூடைத் துண்டுக்குள் கீரிச் சம்பா என்ற பெயர் அடங்காது, அதுதான் தடை.

மண்டூருக்கு இப்போதும் தாள்தான் போகிறது, கறுப்பு வெள்ளையில்தான். நிறங்களை அடியிலிருந்து உச்சிக்கு அடர்சாம்பல் முதல் வெளிர்சாம்பல் வரை மாற்றியிருக்கிறேன், லெஜண்டும் அதே படிவரிசையில் இறங்குகிறது. இந்தப் போகத்துத் தாள் போன அன்றும் ஐயா கோல் எடுத்தார். கீரிச் சம்பாவை அறுபது என்றே படித்திருந்தார். சம்பாக் கணக்கில் ஐந்து மூடை குறைகிறது என்று சொல்லத்தான் எடுத்தாராம். அது வரைபடத்தின் குற்றம் இல்லை, நான் தட்டெழுதியதில் வந்தது.