மெமோவுக்குப் பதில் போட்டாச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

குன்னூரில் சிறிய அளவில் தேயிலை ஏற்றுமதி செய்கிறேன். ஏலத்திலும் நேரடியாகத் தொழிற்சாலைகளிலும் ஆர்த்தடாக்ஸ் தூள் வாங்கி, தரம் பிரித்து, பேக் செய்து கொச்சி வழியாக அனுப்புவதுதான் வேலை. வாங்கும் தேயிலைக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறோம். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எல்.யு.டி. என்ற உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துவிட்டு வரியில்லாமல் அனுப்புகிறோம். அதனால் கட்டிய வரி, ஜி.எஸ்.டி. தளத்தில் நம் வரி வரவுக் கணக்கான கிரெடிட் லெட்ஜரில் தேங்கிப் போகும். அதைத் திருப்பி வாங்குவதுதான் ரீஃபண்ட். எங்களைப் போன்றவர்களுக்கு அடுத்த ஏலத்துக்கான முதலே அந்தப் பணம்தான்.

என் கணக்கு வழக்கைப் பார்த்த ஜி.எஸ்.டி. ஆலோசகரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் நடந்ததைத் தேதியோடு சொல்கிறேன்.

2023 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் அமெரிக்காவுக்கு மூன்று சரக்குகள் போயின. முதல் கப்பல் கிளம்பியது 2023 மே 22. "எல்லாத்தையும் சேர்த்துப் போட்டுக்கலாம் அண்ணா" என்று இழுத்தடித்து, 2024 நவம்பர் 18 அன்றுதான் அவர் விண்ணப்பம் போட்டார். அப்புறம் நான் கேட்கும்போதெல்லாம் "ப்ராசஸ்ல இருக்கு" என்பதே பதில். பிப்ரவரியில் 'ஆபீஸ் செலவு' என்று 15,000 ரூபாய் வாங்கினார். எந்த ஆபீஸ், என்ன செலவு என்று நான் கேட்கவில்லை. அந்த வெட்கத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2025 மே 28. தம்பி மகள் கோவையில் சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப் செய்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "பெரியப்பா, ஏ.ஆர்.என். நம்பர் இருக்கா?" என்றாள். விண்ணப்பம் போட்டதும் வரும் 15 இலக்க ஒப்புகை எண் அது. நமக்கெல்லாம் AA33 என்று தொடங்கும், 33 தமிழ்நாட்டின் எண். அதை வைத்து, லாகின் கூட இல்லாமல் தளத்தின் Track Application Status பகுதியில் நிலையைப் பார்க்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பார்த்தால், விண்ணப்பத்தில் குறை இருக்கிறது என்று சொல்லும் டெஃபிஷியன்சி மெமோ 2024 டிசம்பர் 2 அன்றே வந்திருக்கிறது. கிட்டத்தட்ட ஆறு மாதம்! தகவல் எனக்கு வரவே வழியில்லை. தளத்தில் பதிவாகியிருந்த கைபேசி எண், மின்னஞ்சல் இரண்டுமே ஆலோசகருடையவை.

போன் செய்தேன். "சின்ன விஷயம்ண்ணா, மெமோவுக்குப் பதில் போட்டாச்சு" என்றார். பக்கத்தில் இருந்தவள் தலையை ஆட்டினாள். டெஃபிஷியன்சி மெமோவுக்குப் பதில் என்ற ஒன்றே கிடையாது. RFD-03 என்ற படிவத்தில் அது வந்த நிமிடமே பழைய விண்ணப்பம் செத்துவிடும். பிடித்துவைத்த தொகை தானாகவே கிரெடிட் லெட்ஜருக்குத் திரும்பிவிடும். குறையைச் சரிசெய்து புதிதாக இன்னொரு விண்ணப்பம்தான் போட வேண்டும். அதனால் உங்கள் ஆள் உண்மை சொல்கிறாரா என்று பார்க்க லெட்ஜரே போதும். விண்ணப்பம் போட்ட நாளில் தொகை கழிந்திருக்கும். பிறகு ஒரு நாளில் அதே தொகை மறுபடி வரவாகியிருந்தால், எதுவும் 'ப்ராசஸில்' இல்லை. என் லெட்ஜரில் டிசம்பரிலேயே வரவாகியிருந்தது.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. முழு விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் ரீஃபண்ட் வராவிட்டால் 6 சதவீத வட்டி கேட்கலாம். மெமோ வந்துவிட்டால் அந்த 60 நாள் புது விண்ணப்பத்திலிருந்துதான் தொடங்கும். தூங்கிய ஆறு மாதத்துக்கு எனக்கு ஒரு பைசா வட்டி கிடையாது.

அதைவிடப் பெரிய பயம் காலக்கெடு. கடல் வழி ஏற்றுமதியில், கப்பல் இந்தியாவை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கேட்டாக வேண்டும். முதல் சரக்குக்கு அது 2025 மே 22. நாங்கள் கண்டுபிடித்ததோ மே 28. போச்சு என்றே நினைத்தேன். அவள்தான் 2021 மே 18 தேதியிட்ட 15/2021 அறிவிக்கையை எடுத்துக் காட்டினாள். முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து மெமோ கிடைத்த நாள் வரையிலான காலத்தை இரண்டு ஆண்டுக் கணக்கில் சேர்க்காமல் கழித்துவிடலாம் என்று 90(3) விதியில் அது சேர்த்திருக்கிறது. நவம்பர் 18 முதல் டிசம்பர் 2 வரை 14 நாள். ஆக, கெடு ஜூன் 5. கவனியுங்கள், மெமோ வந்த பிறகு நாம் சும்மா இருந்த நாட்கள் கழியாது. அதிகாரியிடம் விண்ணப்பம் இருந்த நாட்கள் மட்டும்தான்.

மறுநாள் காலை மழையோடு போய் ஆலோசகரின் அலுவலகத்தில் உட்கார்ந்தேன். ஓ.டி.பி. வாங்கி, கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் அங்கேயே என் பெயருக்கு மாற்றும்வரை எழுந்திருக்கவில்லை. ஆளே கைக்குக் கிடைக்காவிட்டால், அடையாளச் சான்றோடு உங்கள் சரக வரி அதிகாரியிடம் போனால் அவரே எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றித் தர முடியும்.

மெமோவில் இருந்தவை இரண்டே குறைகள். ஒரு ஷிப்பிங் பில்லுக்கு, கப்பலில் ஏற்றிய சரக்குகளின் பட்டியலான இ.ஜி.எம். எண்ணும் தேதியும் எழுதவில்லை. கொள்முதல் பில்களைப் பட்டியலிடும் அனெக்ஸர்-பி-யில், பொருள்களை வகைப்படுத்தும் எச்.எஸ்.என். எண்கள் இல்லை. கொச்சி கிளியரிங் ஏஜென்ட் ஒரே போனில் இ.ஜி.எம். எண்ணைக் கொடுத்துவிட்டார். எச்.எஸ்.என். நிரப்ப இரண்டு ராத்திரி ஆனது. ஜூன் 2, திங்கட்கிழமை, புது விண்ணப்பம் போட்டோம்.

அவசரத்தில் நாங்களும் ஒரு தப்பு செய்தோம். பழைய பட்டியலை அப்படியே எடுத்து எண் மட்டும் சேர்த்தோம். அதில் 2 லட்ச ரூபாய் பேக்கிங் மெஷினுக்குக் கட்டிய 36,000 ரூபாய் வரியும் இருந்தது. மெஷின் மூலதனப் பொருள். ஏற்றுமதி ரீஃபண்ட் கணக்கில் அதன் வரி வராது.

ஜூன் 30 அன்று RFD-08 நோட்டீஸ் வந்தது. நாங்கள் கேட்டது 3,27,000. அதிகாரி தருவதாகச் சொன்னது 2,70,000. மீதி 57,000 ஏன் மறுக்கக்கூடாது என்று 15 நாளுக்குள் பதில் கேட்டிருந்தார். மெமோ போலல்ல இது, இதற்குப் பதில் கட்டாயம் உண்டு. படிவம் RFD-09.

பதில் எழுதும் முன், 57,000 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தோம். சூத்திரம் எளிது:

```
ரீஃபண்ட் = ஏற்றுமதி மதிப்பு × நிகர வரி வரவு ÷ மொத்த விற்பனை

நாங்கள்  : 60 லட்சம் × 4,36,000 ÷ 80 லட்சம் = 3,27,000
அதிகாரி : 54 லட்சம் × 4,00,000 ÷ 80 லட்சம் = 2,70,000
சரி     : 54 லட்சம் × 4,00,000 ÷ 74 லட்சம் = 2,91,892
```

எங்கள் பில்கள் சி.ஐ.எஃப். விலையில், கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து 60 லட்சம். ஷிப்பிங் பில்லில் அவை இரண்டும் சேராத எஃப்.ஓ.பி. மதிப்பு 54 லட்சம். உள்நாட்டு விற்பனை 20 லட்சம். 2022 ஜூலை 5 அன்று வந்த 14/2022 அறிவிக்கையின்படி இரண்டில் எது குறைவோ அதைத்தான் ஏற்றுமதி மதிப்பாக எடுக்க வேண்டும். ஆக அதிகாரி மேலே 54 போட்டது சரி. நாங்கள் 60 போட்டது தப்பு. மெஷின் வரியை வெட்டியதும் சரி.

ஆனால் கீழே, மொத்த விற்பனையில், அவர் பழைய 60-ஐயே விட்டுவிட்டார். 60-ம் 20-ம் சேர்ந்து 80. மேலே ஒரு மதிப்பு, கீழே வேறு மதிப்பு. இந்தக் குழப்பத்துக்காகவே 2023 ஜூலை 17 அன்று 197/09/2023 சுற்றறிக்கை வந்திருக்கிறது. மேலே எடுக்கும் அதே ஏற்றுமதி மதிப்பைத்தான் கீழேயும் சேர்க்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. 54-ம் 20-ம் சேர்ந்தால் 74. அந்த ஒரு மாற்றத்தில் 21,892 ரூபாய் வித்தியாசம்.

பழைய ஆலோசகராக இருந்தால் 'மனுதாரர் எல்லா விதிகளையும் பின்பற்றியுள்ளார், முழுத் தொகையையும் வழங்கக் கோருகிறோம்' என்று நாலு பக்கம் எழுதியிருப்பார். எங்கள் பதில் ஒன்றரைப் பக்கம். முதல் பத்தியிலேயே 35,108 ரூபாயை ஒப்புக்கொண்டோம்: மெஷின் வரி, எஃப்.ஓ.பி. மதிப்பு இரண்டும் அதிகாரி சொல்வதே சரி என்று. மூன்று ஷிப்பிங் பில்களின் எஃப்.ஓ.பி. மதிப்பையும் அட்டவணையாகக் கொடுத்தோம். அடுத்து 21,892 மட்டும், மேலே காட்டிய கணக்கோடும் சுற்றறிக்கையின் நகலோடும். கடைசியில் நேரில் விளக்க வாய்ப்பு கேட்டோம். அந்த வாய்ப்பு தராமல் மறுக்கக்கூடாது என்பது 92(3) விதியிலேயே இருக்கிறது, இருந்தாலும் எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

ஜூலை 9 அன்று பதில் போட்டோம், 18 அன்று விசாரணை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதிகாரி கோபமாக இருப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் கால்குலேட்டரை எடுத்து 74-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு, "இதை முதல்லயே இப்படிக் கேட்டிருந்தா நோட்டீஸே வந்திருக்காது சார்" என்றார். நியாயமான பேச்சுதான். ஜூலை 25 அன்று RFD-06 உத்தரவு வந்தது: 2,91,892 அனுமதி, 35,108 மறுப்பு.

மறுத்த தொகை காணாமல் போவதில்லை. மேல்முறையீடு செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், PMT-03 உத்தரவு மூலம் அது கிரெடிட் லெட்ஜருக்குத் திரும்பும். எழுதிக் கொடுக்காவிட்டால் அப்படியே தொங்கும். இந்த உறுதிக்கடிதத்தை யாரும் நம்மிடம் வந்து கேட்க மாட்டார்கள். நாங்கள் அடுத்த வாரமே கொடுத்தோம், தொகை வரவாகிவிட்டது. உள்நாட்டு விற்பனை வரிக்கு அதைக் கழித்துக்கொள்கிறேன்.

பழைய ஆலோசகரிடம் 15,000 ரூபாய்க்கு ரசீது கேட்டு இரண்டு முறை வாட்ஸ்அப்பில் எழுதினேன். நீல டிக் விழுந்திருக்கிறது.