"அழுத்தம் சரியாக இருக்கிறது" என்ற சொல்லுக்கு 16,800 ரூபாய்

நேற்றுதான் அம்மாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். மனம் இன்னும் கொதிக்கிறது. எங்களை ஏமாற்றியது இங்கே மொரிஷியஸில் வணிக வளாகம் ஒன்றில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடை என்று மட்டும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு வயது 61. இளமையிலிருந்தே பிளஸ் பவர் கண்ணாடி அணிபவர். காவடி விரதம் தொடங்கிய நாளிலிருந்து, மாலைப் பூசைக்குப் போகும்போதெல்லாம் கோயில் விளக்குகளைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையம் தெரிகிறது என்றும், வலக் கண்ணுக்கு மேல் வலிக்கிறது என்றும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். சென்ற சனிக்கிழமை முற்பகல் அந்தக் கடைக்கு அழைத்துச் சென்றேன். வெள்ளை அங்கி அணிந்திருந்த பெண், கண்ணில் காற்றை ஊதி அழுத்தம் அளக்கும் கருவியின் முன் அம்மாவை உட்கார வைத்தார். 18 என்று வந்தது. இயல்பான அளவு 10 முதல் 21 வரை என்று அச்சிட்ட தாளையும் காட்டி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுத்தம் சரியாக இருக்கிறது அம்மா, பழைய கண்ணாடியின் கீறல்தான் வளையமாகத் தெரிகிறது" என்றார். அந்தக் கைப்பிடியை நம்பித்தான் புதுக் கண்ணாடிக்கு 16,800 ரூபாய் கட்டினேன்.

செவ்வாய் இரவு, விளக்கை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அம்மா, வலக் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினார். கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். புதுக் கண்ணாடிக்குக் கண் பழகும்வரை தலைவலி இருக்கும் என்றார்கள். பிறகு வாந்தி தொடங்கியது. விரத வயிறு என்று எண்ணி இஞ்சிக் கஷாயம் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. காலையில் கண் சிவந்து, பார்வை புகைமூட்டமாகிவிட்டிருந்தது. மீண்டும் பேசினேன். தொற்றாக இருக்கும், சொட்டு மருந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டார்கள்.

மோக்காவில் பாரதியார் பெயரில் இருக்கும் அரசுக் கண் மருத்துவமனைக்குப் போனபோது வலி தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அழுத்தம் 54. கருவிழி, மூச்சுப் பட்ட கண்ணாடி போல மங்கியிருந்தது. கண்பாப்பா பாதி விரிந்த நிலையில், டார்ச் ஒளிக்கு அசையாமல் நின்றது. மூடிய இமை மேல் டாக்டர் மெல்ல விரல் வைத்துப் பார்த்தார்; இடக் கண் மிருதுவாகவும் வலக் கண் கல்லாகவும் இருந்தன.

டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். கண்ணுக்குள் இடைவிடாமல் ஊறும் நீர், பாப்பாவின் வழியாக முன்பக்கம் வந்து, கருவிழியும் ஐரிஸ் என்னும் நிறத்திரையும் சந்திக்கும் கோணத்தில் வடிகிறது. பிளஸ் பவர் கண்கள் பெரும்பாலும் சிறியவை. வயது ஏற ஏற உள்ளே லென்ஸ் தடித்து, அந்தக் கோணம் குறுகிவிடும். இருட்டில் பாப்பா பாதி விரியும்போது ஐரிஸ் லென்ஸோடு ஒட்டி நீரின் வழியை மறிக்கிறது. பின்னால் தேங்கும் நீர் ஐரிஸை முன்னே தள்ளி, வடிகாலை அடைத்துவிடுகிறது. அழுத்தம் மளமளவென ஏறும்போது கருவிழி நீர்கோத்து வீங்குவதால்தான் வானவில் வளையம் தெரிகிறது. தூக்கத்தில் பாப்பா சுருங்கியதால் அம்மாவுக்கு இத்தனை நாளும் வழி தானாகத் திறந்திருக்கிறது. ஆகவே பகல் வெளிச்சத்தில் கடையில் வந்த 18 பொய்யில்லை. ஆனால் அதை வைத்து ஆபத்தில்லை என்று சொன்னதுதான் தவறு. கோணம் திறந்திருக்கிறதா என்பதைக் கண் மருத்துவர் முகம் பார்க்கும் கண்ணாடி போன்றது பதித்த சிறு லென்ஸைக் கண்மேல் பொருத்தித்தான் பார்க்க முடியும்.

அசெட்டசோலமைடு ஊசியும் சொட்டு மருந்துகளும் கொடுத்து அழுத்தத்தை இறக்கினார்கள். கருவிழி தெளிந்த பிறகு, லேசரால் ஐரிஸில் பொடித்துளை இட்டு நீருக்கு மாற்று வழி செய்தார்கள். இடக் கண்ணும் அதே அமைப்பு என்பதால் அதற்கும் செய்தார்கள். அரசு மருத்துவமனை என்பதால் கட்டணம் இல்லை. ஆனால் உயர்ந்த அழுத்தம் பார்வை நரம்பின் இரத்த ஓட்டத்தை நெரித்துவிடுகிறது. செத்த நரம்பிழை திரும்புவதில்லை. அம்மாவுக்கு வலக் கண்ணின் மூக்குப் பக்கப் பார்வையில் ஒரு பகுதி போய்விட்டது.

இன்று காலை கடைக்குப் போய் 16,800 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். உங்கள் அளவுக்குச் செய்த கண்ணாடி, திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். கோணம் பார்க்காமல் ஏன் உறுதி சொன்னீர்கள் என்றதற்கு, நாங்கள் மருத்துவர்கள் இல்லையே என்று பதில் வந்தது. இதைச் சனிக்கிழமையே சொல்லியிருக்கலாமே! மேலாளர் திங்களன்று வருவாராம். 16,800 ரூபாய்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. கடும் கண்வலி, சிவப்பு, வளையம், மங்கல், வாந்தி சேர்ந்து வந்தால் அந்த இரவே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இருட்டறையில் படுக்க வைக்காதீர்கள், கண்ணைக் கட்டாதீர்கள். வலி விட்டுவிட்டது என்று திரும்பிவிடாமல் கோணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு மருந்து விடும் நேரம் ஆகிவிட்டது.